கிண்ணம் நான்கு, கிண்ணம் ஆறு

எங்கள் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் குடியிருந்த அந்த அக்கா யாருக்காவது ஆறுதல் சொல்லி நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் அவர் செய்தது ஆறுதல் தேடி ஆட்கள் வரும் வேலை. சனி, ஞாயிறுகளில் செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்து மாமல்லபுரம் போவார். சங்குக் கடைகள் இருக்கும் சந்தில் ஒரு சிற்றுண்டிக் கடையின் பின்பக்கம், மேசை மேல் நீலத்துணி விரித்து, டாரட் என்ற படச் சீட்டுகளை எடுத்துப் பலன் பார்ப்பார். மற்ற நாட்களில் வீட்டிலேயே பார்ப்பார். கூடவே, தரைத்தளத்தில் இருப்பவர் என்ற முறையில், எங்கள் எல்லோருக்குமான தண்ணீர் மோட்டாரையும் பார்த்துக்கொள்வார்.

அதற்கு முன்பு அவர் ஒரு தனியார் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவராக இருந்தார். ஓய்வு பெறும்வரை அதே இருட்டறை, அதே ஈயக் கவசம். அவரைப் புரிந்துகொள்ள இந்த ஒரு தகவல் போதும். படத்தில் இருப்பதைச் சொல்வார். இல்லாததைச் சொல்ல மாட்டார். இருப்பதற்கு என்ன அர்த்தம் என்பதைச் சொல்லும் இடத்தில் நிறுத்திக்கொள்வார்.

"உடைஞ்சிருக்குதான்னு கேப்பாங்க. கோடு ஒண்ணு தெரியுதுன்னு சொல்லுவேன். உடைஞ்சிருக்குதுன்னு டாக்டர் சொல்லணும். அது அவர் வேல."

இது வேலைக்கு மட்டும் என்றில்லை. இரண்டாம் மாடி அம்மாள் ஒரு முறை சாம்பார் கொடுத்தனுப்பிவிட்டு, எப்படி இருந்தது என்று படியில் நின்று கேட்டார். "உப்பு கீது, புளி கீது, முருங்கக்கா கீது" என்றார் அக்கா. அந்த அம்மாள் அதன் பிறகு சாம்பார் அனுப்பவில்லை. அக்காவுக்கு அதில் வருத்தம் இருந்ததாகவும் தெரியவில்லை.

சீட்டுக் கட்டு அவருடைய மகளுடையது. மகள் சிறுசேரியில் ஒரு மென்பொருள் அலுவலகத்தில் வேலை பார்த்தாள். இணையத்தில் வாங்கி, இரண்டு வாரம் வைத்திருந்து, சலித்து, அம்மா வீட்டில் போட்டுவிட்டுப் போய்விட்டாள். எழுபத்தெட்டுப் படங்கள். அக்கா அவற்றை மாதக்கணக்கில் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொன்றிலும் எங்கே என்ன இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே சொல்வார். கூட வந்த ஆங்கிலக் கையேட்டை அவர் திறக்கவில்லை. "அது டாக்டர் ரிப்போர்ட் மாதிரி. முதல்ல படத்தப் பாரு" என்று அதை என்னிடம் கொடுத்துவிட்டார். நான் அதை முழுதாகப் படித்தேன். ஒரு கையேடு இருக்கும்போது அதைப் படிக்காமல் விடுவது எனக்கு முடியாத காரியம்.

நான் கல்பாக்கத்தில் ஓர் அலுவலகத்தின் சரக்குப் பிரிவில் இருக்கிறேன். ஊழியர் பஸ்ஸில் போய்வருகிறேன். அலமாரிகளில் பொருட்கள் எண் வரிசையில் இருக்க வேண்டும் என்பது என் பொறுப்பு. வீட்டிலும் அப்படித்தான். திருமணம் ஆகவில்லை என்பதால் அதற்கு எதிர்ப்பு எதுவும் எழவில்லை. தினமும் டைரி எழுதுகிறேன். அக்காவைப் பற்றி அதில் நிறையவே இருக்கிறது. இதை எழுதுவதற்காக அதைப் புரட்டவில்லை. நினைவில் இருப்பதே போதும்.

சில ஞாயிறுகளில் நானும் அவரோடு மாமல்லபுரம் போவேன். அவர் சீட்டு பார்க்கும் மேசைக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து செய்தித்தாள் படிப்பேன்.

ஒரு முறை புதிதாகக் கல்யாணமான பெண் ஒருத்தி வந்தாள். கேளம்பாக்கத்தில் வேலை. அவளுக்கு வந்தது மரணம் என்று பெயரெழுதிய சீட்டு. குதிரைமேல் எலும்புக்கூடு. அந்தப் பெண் கணவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா பாக்குற?" என்றார் அக்கா.

"எலும்புக்கூடு."

"நான் முப்பது வருசம் அதத்தான் பாத்தேன். எல்லாருக்குள்ளயும் ஒண்ணு கீது. வேற இன்னா தெரியுது?"

பெண் பார்த்தாள். வெள்ளைக் குதிரை என்றாள். கொடி, அதில் வெள்ளைப் பூ என்றாள். ஒரு சின்னப் பிள்ளை மண்டியிட்டிருக்கிறது என்றாள். பின்னால் இரண்டு கோபுரங்களுக்கு நடுவே சூரியன் என்றாள். சொல்லச் சொல்ல அவள் கை சட்டையிலிருந்து இறங்கிவிட்டது.

"சூரியன் மேல வருதா, கீழ போவுதா?"

"தெரியலியே."

"எனக்கும் தெர்ல" என்றார் அக்கா. சீட்டு பார்ப்பது முடிந்தது. ஆச்சரியமாக, அந்தப் பெண் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

இன்னொரு முறை எங்கள் அலுவலகத்துப் பொறியாளர் ஒருவர் பதவி உயர்வு பற்றிக் கேட்டார். வந்த சீட்டு அவருக்குப் பிடிக்கவில்லை. எழுபத்தெட்டில் ஒன்று என்பது தற்செயல், ஆகவே மறுபடி எடுப்பதில் தவறில்லை என்று விளக்கினார். விளக்கம் தெளிவாகவே இருந்தது. அக்கா முழுதாகக் கேட்டுக்கொண்டார்.

"எக்ஸ்ரே ஆடிப் போச்சுன்னா திரும்ப எடுப்போம் சார். நல்லா வந்து, உங்களுக்குப் புடிக்கலன்னா எடுக்க மாட்டோம்."

சீட்டைத் திருப்புவதற்கு முன் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. எதிரில் இருப்பவரிடம், "மூச்ச இழு. புடி" என்பார். சீட்டைத் திருப்புவார். பார்ப்பார். பிறகுதான் "விடு" என்பார். சிலருக்கு முகம் சிவந்துவிடும். வெளிநாட்டுக்காரர்கள் இது ஏதோ யோகா என்று நினைத்துக்கொண்டார்கள்.

நான் அவரிடம் கேட்டது ஒரே ஒரு முறை.

என் கல்லூரி நண்பன் ஒருவன் போனில் அழைத்து, எங்கள் வகுப்பினர் எல்லோரும் அடுத்த ஞாயிறு மாமல்லபுரத்தில் கூடுவதாகச் சொன்னான். வாட்ஸப் குழுவில் ஒரு மாதமாக இதே பேச்சுதானே, பார்க்கவில்லையா என்றான். நான் அந்தக் குழுவை ஒலி அடக்கி வைத்திருந்தேன். காலை வணக்கங்கள் அதிகம். பேச்சை முடிக்கும்போது அவன் சொன்னான்: "தமிழரசி வருது மச்சான். வூட்டுக்காரர் தவறி மூணு வருசம் ஆச்சாம். இப்ப மதுராந்தகத்துல ஸ்கூல் டீச்சர். நீ வா."

தமிழரசி மதுராந்தகத்திலிருந்து ரயிலில் வந்து செங்கல்பட்டில் எங்களோடு படித்தவள். மூன்று வருடம் தினமும் மாலையில் ஸ்டேஷன் வரை சேர்ந்து நடந்திருக்கிறோம். அவ்வளவுதான் என்று சொன்னால் அது சரியான தகவல் ஆகாது. எவ்வளவு என்று சொல்லவும் எனக்கு வராது. பிறகு அவளுக்குத் திருநெல்வேலியில் கல்யாணம் ஆனது.

அன்று மாலை கீழே இறங்கி அக்கா வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"இன்னா தம்பி, தண்ணி வர்லியா?"

"வருதுக்கா. சீட்டு பாக்கணும்."

அவர் உள்ளே போய் நீலத்துணியை எடுத்து வந்தார்.

கேள்வியை எழுதி எடுத்துப் போயிருந்தேன்: பழைய அன்பு ஒன்றை மறுபடி புதுப்பிக்க முயல்வது சரியாக வருமா? அக்கா அதை வாங்கிப் படித்தார். "அன்புன்னா பொம்பளதான?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப அப்டி எழுது" என்று திருப்பிக் கொடுத்தார்.

கட்டை நானே கலைத்தேன். இடது கையால் வெட்டினேன். அவர் இரண்டு சீட்டு எடுத்தார். முதலாவதை என் இடப்பக்கமும் இரண்டாவதை வலப்பக்கமும் கவிழ்த்து வைத்தார்.

"மூச்ச இழு. புடி."

திருப்பினார். இடப்பக்கம் வந்தது கிண்ணம் ஆறு என்ற சீட்டு. வலப்பக்கம் கிண்ணம் நான்கு. அந்த நேரம் வெளியே மேல்தொட்டி வழிந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது. மோட்டாரை நிறுத்த எழுந்து போனார். போகும்போது "விடு" என்று சொல்ல மறந்துவிட்டார். என்னால் முடிந்தவரை பிடித்திருந்துவிட்டு நானே விட்டேன்.

சீட்டுகள் கோணலாகக் கிடந்தன. நேராக்கினேன். ஆறு முதலிலும் நான்கு அடுத்ததாகவும் இருந்தன. அதை மாற்றி, நான்கை இடப்பக்கமும் ஆறை வலப்பக்கமும் வைத்தேன். ஏன் செய்தேன் என்று அக்கா பிறகு கேட்டபோது என்னிடம் ஒரே பதில்தான் இருந்தது. நான்குக்குப் பிறகுதான் ஆறு வரும்.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். துணியைப் பார்த்தார்.

"கைய வச்சியா?"

"வரிசையா வச்சேங்க்கா. முன்ன வேற மாதிரி இருந்துச்சு. மாத்திடட்டுமா?"

"தொடாத." அவருக்குக் கோபமில்லை. கண்ணாடியைக் கழற்றிச் சேலையில் துடைத்துப் போட்டுக்கொண்டார். "நெஞ்சுக்கு நேரா ஒரு படம், பக்கவாட்டுல ஒரு படம்னு ரெண்டு எடுப்போம். ஆளு ஒருத்தன்தான். இப்ப நீ வச்ச படத்த மொதல்ல பாக்கலாம். நாலுல இன்னா கீது?"

நான் சொன்னேன். மரத்தடியில் ஓர் இளைஞன் உட்கார்ந்திருக்கிறான். கை கட்டியிருக்கிறான். எதிரில் புல்மேல் மூன்று கிண்ணங்கள். மேகத்திலிருந்து ஒரு கை நீண்டு நான்காவது கிண்ணத்தை நீட்டுகிறது. அவன் அதைப் பார்க்கவில்லை. இதற்குச் சலிப்பு, அதிருப்தி, வந்த வாய்ப்பைக் கவனிக்காமை என்று கையேட்டில் போட்டிருக்கிறது என்றேன்.

"கையேட்ட வுடு. கை எந்தப் பக்கத்துலேர்ந்து வருது?"

"இடப்பக்கம்."

"அந்தப் பக்கம் துணியில இன்னா கீது?"

பார்த்தேன். அவருடைய கண்ணாடிக் கூடு இருந்தது. சீட்டு எதுவும் இல்லை.

"ஆறு எங்க கீது?"

"வலப்பக்கம். மரத்துக்குப் பின்னாடி."

"சரி. ஆற சொல்லு."

ஆறில் ஒரு பழைய வீட்டின் முற்றம். ஒரு சிறுவன் இன்னும் சிறிய பெண் ஒருத்தியிடம் கிண்ணம் ஒன்றை நீட்டுகிறான். ஆறு கிண்ணங்களிலும் வெள்ளைப் பூக்கள். தூரத்தில் ஈட்டி வைத்திருக்கும் காவல்காரன் ஒருவன் முதுகைக் காட்டியபடி நடந்து போய்க்கொண்டிருக்கிறான். பழைய நினைவு, இளமை, பிரிந்தவர் திரும்பி வருதல் என்பது பொருள். இதையும் கையேட்டிலிருந்து சொல்லிவிட்டேன். நாக்கில் வந்துவிட்டது.

"இதுல நீ யாரு?"

"அந்தப் பையன்."

"அந்தப் பொண்ணுக்கு எப்பனா எதுனா குடுத்துருக்கியா?"

யோசித்தேன். கடைசி வருடம், ஸ்டேஷன் வாசலில், தமிழரசி என்னிடம், "வீட்ல மாப்பிள்ளை பாக்கறாங்க" என்றாள். சொல்லிவிட்டு ரயில் வந்த பிறகும் ஏறாமல் நின்றாள். நான், "அப்படியா" என்றேன். இதை அக்காவிடம் சொன்னேன். அவர் மேற்கொண்டு ஏதாவது கேட்பார் என்று எதிர்பார்த்தேன். கேட்கவில்லை. சீட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் பார்த்தேன். "காவல்காரன்" என்றேன்.

"ம்" என்றார் அக்கா. "அந்தப் பூவப் பாத்தியா? கிண்ணம் நெறைய கீது. மோந்து பாக்கலாம். குடிக்க முடியாது. குடிக்கணும்னா நாலுல கீற கிண்ணம்தான்."

"அதுல என்னக்கா இருக்கு?"

"படத்துல தெர்ல. வாங்கிப் பாத்தாத்தான் தெரியும்."

பிறகு அவர் இரண்டு சீட்டுகளையும் விரலால் நகர்த்தி, விழுந்தபடியே வைத்தார். ஆறு இடப்பக்கம். நான்கு வலப்பக்கம்.

"இது வந்து வுழுந்தது. இப்பச் சொல்லு, கை எங்கேர்ந்து வருது?"

மேகத்திலிருந்து வரும் கை, கிண்ணம் ஆறின் பக்கமிருந்து வந்தது. பழைய முற்றத்திலிருந்து நேராக நீண்டதுபோல இருந்தது. மரத்தடிக்காரன் அப்போதும் கை கட்டிக்கொண்டுதான் இருந்தான்.

"நீ போய்க் குடுக்கலாமான்னு எழுதிக்கினு வந்த. படத்துல ஒனக்கு யாரோ குடுத்துக்கினு கீறாங்க. அது வுழுந்த படம். பொண்ணத் தூக்கி முதுகுக்குப் பின்னாடி வச்சது நீ வச்ச படம். ரெண்டும் ஒன்னுதுதான்."

"எதுக்கா உண்மை?"

"நான் படம் எடுக்கறவ" என்றார் அக்கா. துணியை மடித்தார்.

மேலே வந்து டைரியில் எழுதினேன்: பலன் தெளிவில்லை. பிறகு, ஒரு சந்தேகத்தின் பேரில், போனை எடுத்தேன். தெரியாத எண்களிலிருந்து வரும் செய்திகளைச் சனிக்கிழமைதோறும் திறக்காமலேயே ஒதுக்கி வைத்துவிடுவது என் வழக்கம். பெரும்பாலும் மனை விற்பவர்கள். ஒதுக்கியவற்றைத் திறந்து மேலிருந்து கீழாக வரிசையாகப் பார்த்தேன். திருப்போரூரில் மனை, மறைமலை நகரில் மனை, கடன் வேண்டுமா, மனை. அதற்குக் கீழே ஒன்று இருந்தது.

'நான் தமிழரசி. இது உங்க நம்பர்தானே? கெட் டுகெதருக்கு வருவீங்களா? வந்தா ஒரு விஷயம் கேக்கணும்.'

வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது.

பதிலைப் பலமுறை எழுதி அழித்து, கடைசியில், 'ஆம். இது என் எண்தான். வருகிறேன்' என்று அனுப்பினேன். உடனே பதில் வந்தது.

'இதச் சொல்ல மூணு வாரமா?'

அந்த ஞாயிறு பஸ்ஸில் அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். மாமல்லபுரத்தில் இறங்கியதும், "நெறைய வெயில் கீது" என்றார். சந்துக்குள் போய்விட்டார்.

எங்கள் வகுப்பில் பதினான்கு பேர் வந்திருந்தார்கள். பாதிப் பேரை அடையாளம் தெரியவில்லை. தமிழரசியைத் தெரிந்தது. தலை நரைத்திருந்தது, சாயம் பூசவில்லை. எல்லோரிடமும் பேசினாள், என்னிடமும் அதே அளவு பேசினாள். கேட்க வேண்டிய விஷயத்தைக் கேட்கவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

மாலையில் கடற்கரைக்குப் போகும் வழியில் ஒரு டீக்கடையில் நின்றோம். என் பெஞ்சில் இருந்த மூன்று பேரும் குடித்துவிட்டு, போட்டோ எடுக்கக் கடற்கரைப் பக்கம் போய்விட்டார்கள். என் டீ இன்னும் வரவில்லை. அவர்கள் வைத்துவிட்டுப் போன மூன்று காலித் தம்ளர்களை நேர்க்கோட்டில் வைத்தேன். கை கட்டிக்கொண்டு அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவளிடம் இனிமேல் என்ன பேசுவது, பேசினால் அது எப்படி முடியும், பேசாமல் ஊர் திரும்பினால் அது எப்படி முடியும் என்று ஒழுங்காக யோசித்துக்கொண்டிருந்ததாக நினைவு.

வலப்பக்கமிருந்து ஒரு கை, ஒரு தம்ளரோடு நீண்டது.

எனக்கு அது உடனே தெரிந்தது என்று சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் அந்தக் கை அப்படியே நின்றது.

"சுடுது. பிடிங்க" என்றாள் தமிழரசி.

கையைப் பிரித்து வாங்கினேன்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "திருநெல்வேலிக்கே திரும்பிப் போறதுக்கு டிரான்ஸ்பர் கேட்டா கிடைக்கும். பசங்க அங்கதான் இருக்காங்க, வான்னு கூப்பிடறாங்க. இந்த மாசக் கடைசிக்குள்ள எழுதிக் குடுக்கணும். போகட்டுமா, இருக்கட்டுமா? யாரையாவது கேக்கணும்னு தோணிச்சு. உங்ககிட்ட கேட்டா என்ன பதில் வரும்னு தெரியும். இருந்தாலும் கேக்கறேன்."

டீ நிஜமாகவே சுட்டது. ஒரு வாய் குடித்தேன். மூச்சை இழுத்துப் பிடித்திருக்கிறேன் என்பது அப்போதுதான் தெரிந்தது. விட்டேன்.

"இருங்க" என்றேன்.

அவள் கடலைப் பார்த்துக்கொண்டு, "அப்படியா" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். முகம் அந்தப் பக்கம் இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வரிசை தவறாமல் சொன்னேன். மூன்று தம்ளர்கள், கட்டிய கை, நீண்ட கை. ஒரே ஒரு இடத்தில்தான் பொருந்தவில்லை என்றேன். சீட்டில் கை இடப்பக்கமிருந்து வந்தது, எனக்கோ வலப்பக்கமிருந்து.

அக்கா என்னை, எக்ஸ்ரே தகட்டைத் தலைகீழாகப் பிடித்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"படத்துல கீறவன் ஒன்ன பாத்துக்கினு உக்காந்து கீறான். ஒனக்கு எடது, அவனுக்கு வலது. இத எத்தன புது டாக்டருக்குச் சொல்லியிருக்கேன் தெரியுமா?"

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டியது. பிறகு அவர் கேட்டார்.

"அதுல இன்னா இருந்துச்சு?"

"டீ."

"சக்கர?"

"கம்மி."

"குடிச்சியா?"

"குடிச்சேன்."

"ம்" என்றார். அதற்குமேல் அவர் நல்லது என்றோ வாழ்த்து என்றோ சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குக் கவலையாக இருந்திருக்கும்.

அடுத்த ஆண்டு அக்கா மகளோடு வெளியூர் போய்விட்டார். சீட்டுக் கட்டையும் நீலத்துணியையும் எடுத்துக்கொண்டு போனார். கையேடு என்னிடமே இருக்கிறது. இப்போது மோட்டாரை நான் பார்த்துக்கொள்கிறேன். தொட்டி ஒரு முறையும் வழியவில்லை.

தமிழரசி டிரான்ஸ்பர் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் மதுராந்தகத்திலிருந்து ரயிலில் வருவாள். இருவரும் மாமல்லபுரம் போவோம், சில வாரம் திருவிடந்தை வரைக்கும். பெஞ்சில் அவள் எப்போதும் என் வலப்பக்கம்தான் உட்கார்கிறாள். கைப்பையைத் தனக்கும் எனக்கும் நடுவே கோணலாக வைக்கிறாள். குடித்த தம்ளரை எங்கே வேண்டுமானாலும் வைக்கிறாள்.

நான் எதையும் நகர்த்துவதில்லை.